மாலை வாங்க

பத்து வயதில் நான் இந்தியில் ஒரு கடிதம் எழுதினேன். இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் எழுதினேன் என்பதுதான் அதில் விசேஷம்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வருவார். அம்மா தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணிகளை வாங்கிவந்து வீட்டிலேயே நைட்டி தைத்தாள். பக்கத்து வீட்டில் பீகார்க்கார அண்ணன் ஒருவர் இருந்தார். நூல் மில்லில் ஃபிட்டர். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது, ஊரில் தனியாக இருந்த தன் அப்பாவை இங்கே அழைத்து வந்துவிட்டார்.

அந்தப் பெரியவருக்கு இந்தியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எங்களுக்கு இந்தியைத் தவிர எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாவிட்டாலும், இந்தி தெரியாது என்பது உறுதி. அண்ணன் காலை ஷிஃப்டுக்குப் போனால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் திரும்புவார். அதுவரை பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் கடந்து போனாலும் கைகூப்புவார். முதல் வாரம் எல்லாரும் பதிலுக்குக் கைகூப்பினார்கள். இரண்டாவது வாரம் தலையசைத்தார்கள். பிறகு அவர் அங்கே இருப்பது பழகிப்போயிற்று.

காலையில் மட்டும் சிவப்புத் துணி சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்து ராகம் போட்டு வாசிப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பேசினால் புரியாது, சரி. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்தானே? எழுதிக் கொடுத்தால் என்ன?

கார்த்திகைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா பித்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் போனை நான் தொடக்கூடாது. முந்தின மாதம், தளவாய்புரத்திலிருந்து அனுப்பியிருந்த டிசைன் படங்களை நான் அழித்துவிட்டதிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருந்தது. சட்டத்தை மீறி, மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்தேன். மேலே இடதுபக்கம் தமிழ், வலதுபக்கம் இந்தி, நடுவே எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள். அவை எதற்கென்று எனக்குத் தெரியாது. அழகுக்கு என்று நினைத்தேன்.

பேசுகிற மாதிரியே அடித்தேன்.

‘வணக்கம் தாத்தா. நாங்க பக்கத்து வீடு. நாளைக்கு கார்த்திகை. மாலை எங்க வீட்டுக்கு வாங்க.’

நான் ஒவ்வொரு வார்த்தையாக அடிக்க அடிக்க, கீழே இந்தி எழுத்துகள் முளைத்தன. கடைசி வரியில் ‘வாங்க’ என்று முடித்ததும், அதுவரை வந்திருந்த வார்த்தைகள் எல்லாம் சட்டென்று மாறி, இடம்பெயர்ந்து உட்கார்ந்தன. எவ்வளவு புத்திசாலி போன் என்று வியந்தேன்.

எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டம்போட்ட கணக்கு நோட்டுத் தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து முதலில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டேன். பிறகு கொடியில் துணி காயப்போடுவதுபோல் எழுத்துகளை ஒவ்வொன்றாக அதில் தொங்கவிட்டேன். நடுநடுவே திரை அணைந்துபோகும். தொட்டு எழுப்ப வேண்டும். ஒரு வார்த்தையில் கோட்டுக்கு மேலே சின்னக் கொக்கி ஒன்று தெரிந்தது. தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. கண்ணாடியில் கீறலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் ஓர் அகல்விளக்கு வரைந்து மஞ்சள் தீட்டினேன். அம்மா வருவதற்குள் அவர்கள் வீட்டுக் கதவடியில் தாளைத் தள்ளிவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. பத்து மணியளவில் வாசலில் நின்றிருந்தேன். பெரியவர் தேய்த்த வெள்ளை ஜிப்பாவும் தோளில் துண்டும் துணிப்பையுமாக வெளியே வந்து கதவைப் பூட்டினார். என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து உயர்த்திக் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னார். வந்து இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் பலமாகத் தலையாட்டினேன். அவர் விறுவிறுவென்று தெருமுனை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் வரச்சொன்னால் காலையிலேயே சட்டை மாற்றிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

மூன்று மணிக்கு அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். மில் பஞ்சு தலையில் அப்படியே இருந்தது.

“அக்கா, அப்பா பாத்தீங்களா? நான் வந்தது, வீடு பூட்டு. அப்பா இல்ல.”

அம்மா மிஷினை நிறுத்தினாள். “எங்கனயும் நடக்கப் போயிருப்பாக தம்பி. போன் போட்டுப் பாத்தீகளா?”

அவர் தன் போனில் எண்ணை அழுத்திக் காட்டினார். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணியடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முந்தின நாள் இருவருக்கும் சண்டையாம், அதிலிருந்து பேச்சில்லையாம். ஊருக்கு அனுப்பிவிடு என்று பெரியவர் கேட்டிருக்கிறார். அண்ணன் முடியாது என்றிருக்கிறார்.

“ஸ்டேஷன் போயிருக்கும் அக்கா. ரயில் ஏறப் போயிருக்கும். அவருக்கு எந்த ரயில் எங்க போகும் தெரியாது.” சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவர் பறந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, நீ காலையில வாசல்லதானே நின்னுட்டு இருந்த? அவிய போறதப் பாத்தியா?”

“பாக்கலம்மா.”

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பார்த்தேன் என்றால் அவர் கையில் இருந்த தாளைச் சொல்ல வேண்டும். தாளைச் சொன்னால் போனைச் சொல்ல வேண்டும். பத்து வயதில் ஒரு பொய்க்கும் அடுத்த பொய்க்கும் நடுவே இருந்த தூரம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உண்மைக்குப் போகும் வழிதான் தெரியவில்லை.

காம்பவுண்டுக்காரர்கள் கூடினார்கள். ஒருவர் பிள்ளையார் கோயில் வரை போய்வந்தார். இன்னொருவர் கண்மாய்ப் பக்கம் பார்த்துவருகிறேன் என்று கிளம்பினார். கண்மாய் என்றதும் அதன் ஆழத் தண்ணீர் நினைவுக்கு வந்து, எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நான் சமையலறையில் போய், அம்மா ஊறவைத்திருந்த அகல்விளக்குகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அந்தத் தாளில் தப்பாக ஏதும் இருந்திருக்குமோ? என்னவென்று எழுதியிருப்பேன்? எனக்கே வாசிக்கத் தெரியாத ஒன்றை எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாலு மணிக்கு அண்ணன் திரும்பினார். பிளாட்பாரத்தில் இல்லை, தண்டவாளத்தோடு கொஞ்சதூரம் நடந்தும் பார்த்தேன் என்றார். சொல்லிவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வளர்ந்த ஆண் ஒருவர் அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அம்மா, நான் லெட்டர் எழுதினேன்” என்றேன்.

அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது. போனை எடுத்து என் கையில் கொடுத்து, “என்ன எழுதினயோ அத அப்படியே காட்டு” என்றாள். நான் மறுபடியும் அடித்தேன். அதே எழுத்துகள் வந்தன. அம்மா ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். பிறகு நடுவிலிருந்த அம்புக்குறிகளைத் தொட்டாள்.

இந்தி மேலே போயிற்று. தமிழ் கீழே வந்தது. நான் எழுதிய தமிழ் அல்ல, வேறு தமிழ்.

‘நாளை கார்த்திக். எங்கள் வீட்டிற்கு மாலை வாங்கவும்.’

அண்ணன் எட்டிப் பார்த்து இந்தியை வாய்விட்டு வாசித்தார். “மாலா கரீதேன்... பூ மாலா. கடையில வாங்கிட்டு வாங்கன்னு இருக்கு.”

“சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்கன்னுதான் எழுதினேன்” என்று நான் அழுதேன்.

“மாலைன்னா பொழுதும் உண்டு, பூமாலையும் உண்டு. வாங்கன்னா வாறதும் உண்டு, கடையில வாங்குறதும் உண்டு. ரெண்டையும் சேத்து வச்சா அது என்ன செய்யும்?” அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “மாலையில வாருங்கள்னு எழுதியிருந்தா இம்புட்டு ஆயிருக்காது. நடங்க, பூக்காரிகிட்டக் கேப்போம்.”

தெருமுனையில் பூ விற்கும் பெண் கேட்டவுடனே சொல்லிவிட்டாள்.

“அந்த வடக்கத்திப் பெரியவரா? பத்து மணிக்கே வந்தாக. மாலா மாலான்னு கழுத்துல கைய வச்சுக் காட்டினாக. எங்கிட்டச் சரம்தான் இருக்கு. முகூர்த்தம், அது இதுன்னு பஜார்ல கட்டின மாலை அம்புட்டும் போயிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் முன்னாடி கெடைக்கும்னேன். அவியளுக்கு வெளங்கல. பொறவு ஆட்டோக்காரரு, கோயிலுக்குப் போற ஆளுன்னு நெனச்சு பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டாரு.”

பத்து மணிக்கு ஏறியவர். அரைமணி நேரப் பயணம். இப்போது நாலரை ஆகிவிட்டது.

பஸ்ஸில் நான் அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டிலிருந்து அண்ணன் திரும்பி, தெரிந்த தமிழில் அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தார். பேசாவிட்டால் உடைந்துவிடுவார் போலிருந்தது.

“அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு அக்கா. மதியம் சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும். ஊர்ல அப்பா சும்மா உக்காராது. கல்யாணம், சாவு, எது வந்தாலும் ஆளுங்க வீட்டுக்கு வரும். லெட்டர் எழுதிக் குடுங்க, சாமான் வாங்கிக் குடுங்கன்னு கேக்கும். நேத்துச் சண்டையில எங்கிட்டக் கேட்டது, இங்க நான் எதுக்கு இருக்கேன்னு.”

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் இறுகின. வெளியே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் முன்னால் நல்ல கூட்டம். மாலைக் கடைகளில் வரிசையாக விசாரித்தோம். நாலாவது கடைக்காரருக்கு நினைவிருந்தது.

“ஆமா, வந்தாரு. காத்திருந்து புதுசாக் கட்டி வாங்கினாரு. ரோஜா வச்ச பெரிய மாலை. பன்னெண்டு மணியிருக்கும், பஸ் ஸ்டாண்டுப் பக்கந்தான் போனாரு.”

பஸ் நிலையத்துக்கு ஓடினோம். இல்லை. ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் இல்லை, கழிப்பறைப் பக்கம் இல்லை, மரத்தடியில் படுத்திருந்தவர்களிலும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினார். பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன. எனக்கு அவை பெயர்கள். பெரியவருக்கு அவை என்னவாக இருந்திருக்கும்? நேற்று நான் போனில் பார்த்த எழுத்துகள்போல வெறும் வளைவும் சுழியுமாகத்தானே?

மறுபடியும் கோயில் முன்னால் வந்தோம். போலீஸ்காரர் ஒருவர் மைக்கில் அறிவிக்கச் சம்மதித்தார். “வெள்ளை ஜிப்பா அணிந்த, சுமார் எழுபத்தைந்து வயதுள்ள பெரியவர்...” என்று அவர் ஆரம்பித்ததும் அம்மா குறுக்கிட்டாள்.

“சார், நீங்க சொல்லுதது அவியளுக்கு வெளங்காது. மகனப் பேசச் சொல்லுங்க.”

போலீஸ்காரர் ஒரு நொடி யோசித்து மைக்கைக் கொடுத்தார். அண்ணன் அதை வாயருகே பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார். மில்லிலும் தெருவிலும் பேசுகிற இந்தி அல்ல. அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து சில நேரம் சுவர்வழியே கேட்கிற, இழுத்து இழுத்துப் போகிற பேச்சு. ‘பாபூஜி’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நாலு தெருவிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது திரும்பத் திரும்பக் கேட்டது. கூட்டம் நின்று பார்த்தது. சிலர் சிரித்தார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் வரவில்லை. தெருவிளக்குகள் எரிந்தன. அண்ணன் இரண்டாம் முறை பேசினார்.

அப்போது தேரடிப் பக்கம் ஆட்களின் தலைகளுக்கு மேலே ஒரு மாலை மிதந்து வந்தது.

கூட்டத்தில் நசுங்கிவிடக்கூடாதென்று, இரண்டு கைகளாலும் அதை உயரப் பிடித்துக்கொண்டு பெரியவர் நடந்துவந்தார். ஜிப்பா முழுக்கப் புழுதி. ஒரு காலில் செருப்பு இல்லை. மாலையில் ஒரு பூகூட உதிர்ந்திருக்கவில்லை.

அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். பஸ் நிலையத்தில் யாரோ கைகாட்டிய வண்டியில் ஏறியிருக்கிறார். அது சிவகாசிப் பக்கம் போகிற பஸ். வரும்போது ஜன்னலோரம் கூடவே வந்த மலை, இப்போது முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்து, கத்தி வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். யாரைக் கேட்பது? மலையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு திரும்பி நடந்திருக்கிறார். வழியில் யாரோ ஒரு புண்ணியவதி வாழைப்பழமும் மோரும் கொடுத்திருக்கிறாள்.

அண்ணன் வாங்கிவந்த டீயைக்கூடத் தொடாமல் பெரியவர் அம்மாவிடம் வந்தார். மாலையை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டி ஏதோ சொன்னார்.

“லேட் ஆயிருச்சு, மன்னிச்சிருங்க, பூஜை நேரம் போயிருச்சான்னு கேக்குது” என்றார் அண்ணன்.

“ஐயோ, நாங்க மாலை எதுவும்...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

பெரியவருக்குப் பின்னால் நின்ற அண்ணன் சட்டென்று கைகூப்பினார். “அக்கா, வேணாம். சொல்லாதீங்க.”

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு சேலைத்தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மாலையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். “நேரம் ஒண்ணும் போகல ஐயா. இனிமேதான் வெளக்கு ஏத்தணும்.”

பெரியவர் என் தாளை எடுத்து, நான் கீறல் என்று கொக்கியை விட்டுவிட்ட இடத்தைத் தொட்டுக்காட்டி மகனிடம் எதையோ கேட்டார். அண்ணன் வியப்போடு என்னைப் பார்த்தார்.

“மேல ஒரு கொக்கி வரணும், அதுதான் ‘ர்’. கார்த்திக்னு எழுதல நீ. காத்திக்னு எழுதியிருக்க. எங்க கிராமத்துல அந்த மாசத்த அப்படித்தான் சொல்லுவோம். எங்க ஊர்ப் பேச்சு தெரிஞ்ச ஆள் யாரோ இங்க இருக்குன்னு அப்பா நெனச்சுது.”

அன்று இரவு ராஜபாளையத்தில் எல்லார் வீட்டு விளக்குகளும் அணையும் நேரத்தில் எங்கள் வாசலில் விளக்கேறியது. எங்கள் வீட்டிலிருந்த எந்தச் சாமிபடத்துக்கும் அந்த மாலை பெரிது. அம்மா அதை வாசல்நிலையில் ஆணியடித்து மாட்டினாள். பெரியவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பொரியை ஒரு வாய் மட்டும் சாப்பிட்டார். வெல்லம் சேர்த்தது என்று அண்ணன் மீதியைக் கொடுக்கவிடவில்லை. அம்மா அவசரமாகத் தோசை ஊற்றினாள். காம்பவுண்டுக்காரர்கள் மாலையைப் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பெரியவர் எதையோ விளக்கினார். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் முழுதாகக் கேட்டார்கள்.

எனக்கு மட்டும் உறுத்தல் தீரவில்லை. தப்பைத் தப்பென்று சொல்லித் திருத்த வேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அம்மாவிடம் கேட்டே போனை வாங்கினேன். இந்த முறை பேச்சுத் தமிழில் அடிக்கவில்லை. ‘தாத்தா, நேற்று மாலை நேரத்தில் எங்கள் வீட்டிற்கு வாருங்கள் என்று அழைக்கத்தான் எழுதினேன். பூமாலை கேட்கவில்லை. தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.’ அம்புக்குறிகளைத் தொட்டு, இந்தியைத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தேன். ஏறக்குறைய நான் எழுதியதே திரும்பி வந்தது. மேல்கோடு போட்டு, கொக்கிகளைக்கூட விடாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன்.

கொண்டுபோனபோது வாசலில் அண்ணன்தான் நின்றிருந்தார். பெரியவர் உள்ளே, எதிர்வீட்டுக்காரர் கொடுத்திருந்த அறுந்த பை ஒன்றை ஊசிநூலால் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் தாளை வாங்கி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். என் தலையில் கைவைத்தார். பிறகு அதை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“தாத்தாகிட்டக் குடுக்க மாட்டீங்களா?”

“வேணாம் பாப்பா.”

இத்தனை கஷ்டப்பட்டுத் திருத்தி எழுதியும் எங்கேயோ ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் வந்து போனையும், நான் முதலில் எழுதிப் பார்த்திருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.